சனிக்கிழமை சாயங்காலத் தலைவலி

"பெங்களூரு மாரத்தஹள்ளியில் பிஜியில் இருக்கிறேன், வயது 28. கலிஃபோர்னியா கிளையண்டுக்காக இரவு 9 முதல் காலை 6 வரை ஷிஃப்ட், திங்கள் முதல் வெள்ளி வரை. ஒன்றரை வருஷம் ஆகிறது. வேலை நாளில் விடியற்காலை 4 மணி வாக்கில் லேசாகத் தலை வலிக்கும். ஆனால் லீவு நாளான சனிக்கிழமை சாயங்காலம்தான் மண்டையைப் பிளக்கிறது. ஸ்கேன் நார்மல், கண்ணும் சரி. எப்போது தூங்குவது, எப்போது சாப்பிடுவது என்று சொல்லுங்கள் டாக்டர்."

நாளும் நேரமும் சேர்த்துச் சொன்னீர்களே, அதுவே பெரிய உதவி. ஐடி வளாகம் ஒன்றின் மருத்துவ அறையில் பல வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். தலைவலி என்று வருகிறவரிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்பதற்கு முன்னால் எப்போது வலிக்கிறது என்றுதான் கேட்பேன். இரவு வேலைக்காரர்களுக்கு இடத்தைவிட நேரம்தான் அதிகம் பேசும்.

உங்களைப் போலவே ஒரு சேலத்துத் தம்பி வந்தார். அதே ஷிஃப்ட், அதே சனிக்கிழமை வலி. ஸ்கேன் படங்களைப் பெரிய கவரில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். நான் அதை ஓரமாக வைத்துவிட்டு, மூன்று வாரத்துக்கு ஒரு நோட்டில் நான்கு விஷயங்களை மட்டும் எழுதச் சொன்னேன்: தூங்கிய நேரம், சாப்பிட்ட நேரம், காப்பி டீ குடித்த நேரம், வலி தொடங்கிய நேரம். கூடவே என்ன மாத்திரை போட்டார் என்பதும்.

நோட்டு வந்தது. வேலை இரவுகளில் மிஷின் காப்பி ஐந்து கப், கடைசி கப் விடியற்காலை 4 மணிக்கு. சனிக்கிழமை காலை ஏழரைக்கு வந்து படுத்தால் மதியம் மூன்றுக்கு எழுந்திருக்கிறார். வெள்ளி இரவு பத்து மணிக்கு ஆபீஸ் கேன்டீனில் சாப்பிட்டது. அதற்குப் பிறகு சனி மதியம் மூன்றரைக்குத்தான் சோறு. இடையில் பதினேழரை மணி நேரம் காப்பியும் பிஸ்கட்டும்தான். லீவு நாளில் காப்பி நினைப்பே வருவதில்லை, ஏனென்றால் விழித்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வலி தொடங்கிய நேரம் மூன்று சனிக்கிழமையும் மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் நடுவில்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். தினமும் காப்பி குடித்துப் பழகிய உடம்பில் அது திடீரென்று நின்றால், கடைசி கப்பிலிருந்து 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும். விடியற்காலை 4 மணியோடு 12 கூட்டினால் மாலை 4. தம்பியின் சனிக்கிழமை வலி சொல்லிவைத்த மாதிரி அங்கேதான் நிற்கிறது. காஃபீன் மூளையின் ரத்தக் குழாய்களைச் சற்றுச் சுருக்கி வைத்திருக்கும்; அது விலகியதும் அவை விரிகின்றன, வலி கிளம்புகிறது. இதற்கு ஐந்து கப்பெல்லாம் தேவையில்லை. ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் காஃபீன் பழகினாலே போதும், நம் வீட்டுக் கெட்டி டிகாக்ஷனில் ஒரு பெரிய டம்ளர் அந்த அளவுக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

அதோடு பட்டினியும் சேர்ந்துகொள்கிறது. எட்டு மணி நேரத்துக்கு மேல் வயிறு காய்ந்தால் அதுவே தலைவலிக்குக் காரணமாகலாம், அதிலும் ஏற்கெனவே மைக்ரேன் வாகு உள்ளவர்களுக்கு.

அப்புறம் மாத்திரை. தம்பி மருந்துக் கடையில் வாங்கிப் போட்டது காஃபீன் கலந்த தலைவலி மாத்திரை. போட்ட அரை மணியில் வலி பறந்துவிடுகிறது என்று மெச்சிக்கொண்டார். பறக்காமல் என்ன செய்யும்? உடம்பு கேட்ட சாமானையே மாத்திரையாகக் கொடுத்திருக்கிறார். உங்கள் அட்டையின் பின்பக்கத்தையும் புரட்டிப் படித்துப் பாருங்கள். இப்படிப் பல மருந்து கலந்த மாத்திரையை மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டுவந்தால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். வெறும் பாராசிட்டமால் போன்றவற்றுக்கு அந்த எல்லை மாதத்தில் 15 நாள். மாத்திரையின் எண்ணிக்கை இங்கே முக்கியமில்லை, போட்ட நாட்களின் எண்ணிக்கைதான் கணக்கு. நீங்கள் அந்த எல்லையைத் தாண்டியிருந்தால் கீழே சொல்லும் எதுவும் முழுசாகப் பலிக்காது; முதலில் ஒரு நரம்பியல் மருத்துவரைப் பார்த்து மாத்திரையை விடும் வழியைக் கேளுங்கள்.

காப்பியை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், வலி வாரம் முழுக்க வரும். நான்கு நாளுக்கு ஒரு கப் குறையுங்கள், இரண்டு கப்பில் நிறுத்தலாம். முதல் கப் ஷிஃப்ட் தொடங்கும்போது, கடைசி கப் இரவு 2 மணிக்குள். குடித்த காஃபீனில் பாதி வெளியேறவே ஐந்தாறு மணி நேரம் ஆகும். 4 மணிக் கப்போடு போய்க் காலை 8 மணிக்குப் படுத்தால் தூக்கம் மேலோட்டமாகத்தான் இருக்கும். லீவு நாளிலும் எழுந்தவுடன் ஒரு கப் கட்டாயம் குடியுங்கள். ருசிக்காக இல்லை, மருந்து மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, விடியற்காலை 4 மணி வலிக்கு வருவோம். அது உடம்புக் கடிகாரத்தின் வேலை. கண் நரம்புகள் குறுக்கே போகும் இடத்துக்குச் சற்று மேலே, ஹைப்போதலாமஸில், ஒரு சின்ன நரம்புக் கொத்து இருக்கிறது. விழித்திரையிலிருந்து வெளிச்சத் தகவல் நேராக அங்கே போகிறது. தூக்கம், உடம்புச் சூடு, செரிமானம் எல்லாவற்றுக்கும் நேரம் குறிப்பது அதுதான். பகலில் வேலை செய்கிற ஒருவருக்கு உடம்புச் சூடு மிகக் குறைந்து, தூக்கம் கழுத்தைப் பிடித்துத் தள்ளும் நேரம் ஏறக்குறைய விடியற்காலை நாலரை. அதை அடிநேரம் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு அந்த அடிநேரம் சரியாக டிக்கெட் குவிகிற வேளையில் வருகிறது. பசி, ஏசி காற்று, திரை, கழுத்து விறைப்பு எல்லாம் அந்த நேரத்தில் இரண்டு மடங்காகத் தெரியும்.

ஒன்றரை வருஷமாகியும் கடிகாரம் ஏன் மாறவில்லை என்று கேட்பீர்கள். இரண்டு காரணம். ஒன்று, காலை 6 மணிக்கு கேபில் வரும்போது முகத்தில் அடிக்கும் வெயில். அடிநேரத்துக்கு முன்னால் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னோக்கித் தள்ளி, மறுநாள் எல்லாவற்றையும் தாமதமாக்கும். அடிநேரத்துக்குப் பிறகு படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னால் இழுக்கும். அடிநேரம் நாலரை, வெயில் ஆறரை. இரவெல்லாம் ஆபீஸ் விளக்கு கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளியதை வெளிவட்டச் சாலையின் காலை வெளிச்சம் அரை மணியில் திருப்பி இழுத்துவிடுகிறது. மேகம் மூடிய பெங்களூருக் காலைகூட ஆபீஸ் விளக்கைவிடப் பல மடங்கு பிரகாசம்.

இரண்டாவது காரணம் சனி ஞாயிறு. இரவு 11 மணிக்குப் படுத்துக் காலை 7 மணிக்கு எழுந்து 'மனுஷனாட்டம்' இருக்க வேண்டும் என்று எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். விளைவு, திங்கள் காலை 7 மணிக்கு எழுந்தவர் செவ்வாய் காலை வேலை முடித்துப் படுக்கும்போது 24 மணி நேரம் விழித்திருக்கிறார். வாராவாரம் ஒரு விமானம் ஏறிப் போய் இறங்குவது மாதிரி.

கடிகாரத்தை முழுசாகத் திருப்பிப்போடவும் வேண்டாம், பகல் நேரத்திலேயே விடவும் வேண்டாம், நடுவில் ஓர் இடத்தில் நிறுத்து என்பதுதான் இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி. சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழகத்தில் சார்மேன் ஈஸ்ட்மன் குழுவினர் இதைச் சோதனை செய்து பார்த்தார்கள். அடிநேரத்தைக் காலை 10 மணி வாக்கில் கொண்டுபோய் வைப்பது அவர்கள் இலக்கு. ஏன் 10? வேலை நாளில் காலை எட்டரை முதல் மூன்றரை வரை தூங்கினாலும் 10 மணி அதற்குள் விழுகிறது. லீவு நாளில் விடியற்காலை 3 முதல் மதியம் 12 வரை தூங்கினாலும் அதற்குள்ளேயே விழுகிறது. இரண்டு தூக்கத்துக்கும் பொதுவான இடம். அதே சமயம் லீவு நாளில் மதியம் 12 முதல் நள்ளிரவு தாண்டும்வரை ஊர் உலகத்தோடு இருக்கலாம்.

பின்னால் தள்ளுவதுதான் சுலபம் என்பதும் நமக்குச் சாதகம். வெளிச்சமோ கடிகாரமோ எட்டாத அறையில் மனிதரை விட்டால் அவருடைய நாள் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமாகத்தான் ஓடும். மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் இப்படி ஒரு தனிமை அறையே அமைத்து மனிதர்களை வைத்து ஆராய்ந்தார். பிற்பாடு இங்கே பெங்களூரு ஜவாஹர்லால் நேரு மையத்துக்கு வந்தார். இந்த விஷயத்தில் நம் ஊர்க்காரர் ஒருவர் இவ்வளவு வேலை செய்திருக்கிறார் என்பது இங்கே இரவு முழிக்கும் பல பேருக்குத் தெரியாது.

உங்கள் ஷிஃப்டுக்கு இதைப் பொருத்தினால் வாரம் இப்படி ஓடும். திங்கள் மதியம் 12 மணிக்கு எழுந்திருங்கள். முதல் இரவுக்கு முன்னால் மாலை 6 முதல் ஏழரை வரை ஒரு தூக்கம் போடுங்கள். வராவிட்டாலும் விளக்கணைத்துப் படுத்திருங்கள். செவ்வாய் முதல் வெள்ளி வரை காலை 8 முதல் மதியம் 3 வரை தூக்கம். சனிக்கிழமை மட்டும் காலை 8 முதல் 1 மணி வரை, ஐந்து மணி நேரம் போதும், இல்லாவிட்டால் அன்று இரவு தூக்கம் வராது. சனி இரவும் ஞாயிறு இரவும் 3 மணிக்குப் படுத்து மதியம் 12 மணிக்கு எழுந்திருங்கள்.

முதல் வாரம் வேலை இரவுகளில் 3 மணி வரை நல்ல வெளிச்சத்தில் இருங்கள், இடைவேளையில் மொபைலோடு இருட்டு மூலைக்குப் போகாதீர்கள். நாலரை நெருங்கும்போது திரை வெளிச்சத்தைக் குறையுங்கள். ஆபீஸ் வாசலைத் தாண்டும்போதே கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் போட்டுக்கொள்ளுங்கள், கேபில் வெயில் படாத பக்கம் உட்காருங்கள். பைக்கில் போகிறவர் தூக்கக் கலக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டு ஓட்டவே கூடாது. அவர் ஆபீஸிலேயே 20 நிமிஷம் கண்ணயர்ந்துவிட்டுக் கிளம்பட்டும், கண்ணாடியை மறந்துவிடட்டும். மதியம் எழுந்ததும் கால் மணி நேரமாவது வெளியே வெளிச்சத்தில் நடங்கள், கடிகாரம் 10 மணியைத் தாண்டி இன்னும் ஓடிவிடாமல் பிடித்து நிறுத்த அது உதவும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் கடிகாரம் நகரும், அதனால் முதல் வாரம் ஒன்றும் தெரியாது. இரண்டாவது வாரத்தில் 4 மணித் தள்ளாட்டம் குறைந்து, மாறாகக் காலை வீடு வரும்போது நிஜமான தூக்கம் கண்ணைச் சொருகினால் வழி சரி என்று அர்த்தம். மதியம் 12 மணிக்கே விழிப்புத் தட்டி அப்புறம் தூக்கமே வரவில்லை என்றால் எங்கேயோ காலை வெளிச்சம் புகுந்துகொண்டிருக்கிறது.

பெரும்பாலும் அது ஜன்னல் வழியாகத்தான் புகும். பிஜி ஜன்னலுக்குத் தரும் திரை சல்லடை மாதிரி இருக்கும். கண்ணாடியில் அலுமினியத் தாளை ஒட்டிவிடுங்கள், 100 ரூபாய்கூட ஆகாது. சத்தத்துக்கு மின்விசிறியை வேகமாக வைத்தால் ஓரளவு அமுங்கும். பார்சல் கொண்டுவருகிறவர் 11 மணிக்கு அழைப்பதுதான் பகல் தூக்கத்தின் பெரிய எதிரி. டெலிவரியைச் சாயங்காலத்துக்கு மாற்றுங்கள், வீட்டு எண்கள் இரண்டு மட்டும் ஒலிக்கும்படி போனை வையுங்கள்.

சாப்பாட்டுக்கு ஒரு சிக்கல் உண்டு. உடம்பின் இரவு நேரத்தில் இன்சுலின் மந்தமாக வேலை செய்யும், அதே சோறு சர்க்கரையை அதிகம் ஏற்றும். ஹார்வர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஒரு சோதனையில், ஆய்வகத்தில் இரவு வேலை போல விழித்திருந்தவர்களில் இரவில் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை அளவு ஏறியது, பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ஏறவில்லை. அதை அப்படியே பிடித்துக்கொண்டு இரவு முழுக்கப் பட்டினி கிடக்கலாமா என்றால், தலைவலிக்காரருக்கு அது ஒத்துவராது. ஆகவே பெரிய சாப்பாட்டைப் பகலில் முடித்து, இரவில் சின்னதாக ஏதாவது.

மூன்றரை மணிக்குச் சோறு, குழம்பு, காய், முட்டையோ பருப்போ, வயிறார. கேப் வருவதற்கு முன் எட்டு மணிக்கு இரண்டாவது சாப்பாடு, சப்பாத்தியோ தோசையோ. இரவு 1 மணிக்கு ஒரு சின்னக் கிண்ணம் சுண்டல், இல்லை கொஞ்சம் தயிர்சாதம். கேன்டீனில் 3 மணிக்குப் பரோட்டாவும் பிரியாணியும் மணக்கும். அதைத் தின்றுவிட்டு நாலரைக்குத் தலையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் நிறைய. காலை ஏழு மணிக்கு இரண்டு இட்லி, படுப்பதற்கு முன் பசி இல்லாத அளவுக்கு மட்டும். சனிக்கிழமையும் இந்த இரண்டு இட்லியை விடாதீர்கள், பதினேழரை மணி நேரப் பட்டினியை உடைப்பது அதுதான்.

சேலத்துத் தம்பிக்கு நான்கு வாரத்தில் சனிக்கிழமை வலி நின்றது. ஐந்தாவது வாரம் ஊருக்குப் போனார், வலி திரும்ப வந்துவிட்டது. காலையிலேயே பஸ் ஏறியிருக்கிறார், ஜன்னல் பக்கம் வெயிலில் ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகப் பயணம். ஞாயிறு காலை 7 மணிக்கு அம்மா "எந்திரிடா, இட்லி ஆறுது" என்று எழுப்பிவிட்டார்கள். அடுத்த முறை சனிக்கிழமை பெங்களூரிலேயே தூங்கிவிட்டு மதியம் 2 மணி பஸ்ஸில் போகச் சொன்னேன். அம்மாவிடம் மதியம் 12 மணிக்கு எழுப்பச் சொல்வது அவர் பாடு. முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, பத்தரைக்கு எழுப்புகிறார்களாம். அதுவே போதுமானதாக இருக்கிறது.

இந்த முறை எல்லோருக்கும் ஆகாது. வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறுகிறவர்கள், மாதத்தில் இரண்டு மூன்று இரவு மட்டும் பார்க்கிறவர்கள் கடிகாரத்தை நகர்த்த முயல வேண்டாம். முன்தூக்கமும் 2 மணிக் காப்பி எல்லையும் மட்டும் போதும். சர்க்கரை மருந்து, வலிப்பு மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் தங்கள் மருத்துவரோடு பேசிவிட்டுத்தான் நேரத்தை மாற்ற வேண்டும். விழித்திருக்க மோடாஃபினில் வாங்கிப் போடும் பழக்கம் இந்த ஊரில் கொஞ்சம் இருக்கிறது. அதன் முதன்மையான பக்க விளைவே தலைவலி.

தூங்கி எழும்போதே தினமும் தலை கனத்து, நான்கு மணி நேரத்துக்குள் தானாக விலகினால், குறட்டையும் உண்டென்று அறை நண்பர் சொன்னால், அது வேறு கதை: தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பரிசோதிக்க வேண்டும். திடீரென இடி விழுந்த மாதிரி ஒரு நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் மரத்துப்போதல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் இவற்றில் எது வந்தாலும் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். பழைய ஸ்கேன் நார்மல் என்று சும்மா இருக்காதீர்கள்.

இன்னொன்று, கலிஃபோர்னியா ஷிஃப்ட் என்பதால் சொல்கிறேன். நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார்கள். உங்கள் ஷிஃப்ட் இரவு 10 முதல் காலை 7 ஆகும். தூக்கம், சாப்பாடு, காப்பி எல்லாம் ஒரு மணி நேரம் பின்னால் போகும், அது சுலபம்; ஆனால் 7 மணிக்கு வெளியே வரும்போது வெயில் ஏறியிருக்கும், கண்ணாடியை மறக்காதீர்கள். மார்ச் இரண்டாவது ஞாயிறு திரும்ப 9 மணிக்கு வரும்போதுதான் பலருக்கு வலி தலைதூக்குகிறது, ஏனென்றால் அப்போது முன்னால் இழுக்க வேண்டும். அதற்கு முந்தைய வாரமே லீவு நாள் தூக்கத்தை 4 மணியிலிருந்து மூன்றரை, 3 என்று நகர்த்திக்கொண்டு வாருங்கள்.